25-ஐ 28 ஆக்கும் கடிதம்

'விலைவாசி ஏறிவிட்டது. கழிவைக் கொஞ்சம் கூட்டித் தாருங்கள்.' சிறு புத்தகக் கடைக்காரர் மொத்த விற்பனையாளருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. பதில் வருவதில்லை, ஏனென்றால் பதில் சொல்ல அதில் ஒரு கணக்கும் இல்லை.

ஒரு சிற்றூர்க் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அட்டை விலையில் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய்க்குப் புத்தகம் எடுக்கிறது. கழிவு 25 சதவீதம். எல்லாம் விற்றால் 1 லட்சம் மிஞ்ச வேண்டும். ஆனால் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிப் பழகிய வாசகர் ஊர்க் கடையிலும் அதையே கேட்கிறார். கொடுத்தால் 40,000 போய்விடும். அட்டை விலையில் 10 சதவீதம்தான் என்றாலும், கடைக்காரரின் லாபத்தில் அது 40 சதவீதம். பார்சல் செலவு 12,000 என்று வைத்தால் கையில் நிற்பது 48,000. மாதத்துக்கு 4,000. வாடகையும் மின்கட்டணமும் இதற்குள்தான்.

இது கடைக்காரரின் கணக்கு. கடிதம் பலிக்க வேண்டுமானால் எதிரே இருப்பவரின் கணக்கையும் போட்டாக வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

மொத்த விற்பனையாளர் பதிப்பகத்திடம் 40 சதவீதக் கழிவில் வாங்குகிறார் என்று கொள்வோம். 25-ஐக் கடைக்குக் கொடுத்தபின் அவருக்கு நிற்பது 15. கடைக்காரர் 'வெறும் 5 சதவீதம் கூட்டுங்கள்' என்று கேட்டால், அந்த 15-ல் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிறார் என்று பொருள். அதே லாபத்தைப் பார்க்க மொத்த விற்பனையாளர் இந்தக் கடைக்கு 4 லட்சத்துக்குப் பதில் 6 லட்சத்துக்குச் சரக்கு அனுப்ப வேண்டும். சிற்றூர்க் கடையால் அவ்வளவு விற்க முடியாது.

ஆகவே 30 கேட்பதைவிட 28 கேட்பது நியாயமானது. அதற்கு ஈடாக ரொக்கம் தரலாம். மூன்று மாதக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால், 100 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கடை தரவேண்டிய 75 ரூபாய் மூன்று மாதம் நிலுவையில் நிற்பதால் மொத்த விற்பனையாளருக்கு 2 ரூபாய் 25 காசு செலவு. ரொக்கத்தில் அது மிச்சம். விட்டுக்கொடுப்பது 3 ரூபாய். மீதி 75 காசு. விற்காத புத்தகத்தைத் திருப்பி அனுப்புவதில்லை என்று கடை ஒப்புக்கொண்டால், திரும்பி வரும் பார்சலும் கசங்கிய அட்டையும் இல்லாமல் போவதால் அந்த 75 காசை ஈடுகட்ட வழியுண்டு.

கடைக்கோ ஆண்டுக்கு 12,000 கூடுதல். 48,000 அறுபதாயிரமாகிறது, அதாவது கையில் நிற்பது 25 சதவீதம் உயர்கிறது.

ஒரு எச்சரிக்கை. அந்த ரொக்கத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டினால் இந்தக் கூடுதலில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். திருப்பி அனுப்புவதில்லை என்ற பிறகு, விற்குமா என்று சந்தேகமுள்ள தலைப்பை ஐந்து பிரதி எடுக்கவும் கூடாது. கைமுதல் குறைவாக உள்ளவர்கள் வேகமாக விற்கும் தலைப்புகளுக்கு மட்டும் 28 கேட்டு, மற்றவற்றைப் பழைய 25-லேயே கடனுக்கு எடுப்பது நல்லது. கடிதத்தில் அந்தத் தலைப்புகளின் பட்டியலையும் சென்ற ஆண்டு ஒவ்வொன்றும் எத்தனை பிரதி விற்றது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.