ஒரு சிறு அறக்கட்டளையின் பட்ஜெட்டில் மூன்று வரிகள்

வாடகை, மின்கட்டணம், அலுவலகச் சம்பளம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நிர்வாகச் செலவுப் பட்டியலில் காப்பீடு, வழக்கறிஞர் கட்டணம், தணிக்கைக் கட்டணம் என்று மூன்று வரிகள் வரும். சிறு அறக்கட்டளைகள் பலவற்றில் இவற்றுக்கான தொகை ஒரே விதமாகப் போடப்படுகிறது: போன ஆண்டுத் தொகையோடு 10 சதவீதம் கூட்டுவது. மூன்றும் மூன்று வேறு காரணங்களால் ஏறி இறங்குவதால் இந்தக் கணக்கு மூன்றுக்குமே பொருந்துவதில்லை. காப்பீடு சொத்துப் பட்டியலைப் பொறுத்தது. தணிக்கை, ஆண்டில் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களைப் பொறுத்தது. சட்டச் செலவோ சில ஆண்டுகள் தூங்கிவிட்டுத் திடீரென எழுவது.

ஒரு மாவட்டத் தலைநகரில் மாலைநேரப் பாட மையங்கள் நடத்தும் அறக்கட்டளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகைக் கட்டடம், கொஞ்சம் கணினிகள், ஒரு கார், ஏழு ஊழியர்கள். வெளிநாட்டு நன்கொடை இல்லை. கீழே வரும் கட்டணங்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. சட்டம் வகுத்த விகிதங்கள் மட்டுமே உள்ளபடி தரப்படுகின்றன.

காரின் பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. அதில் பேரத்துக்கு இடமில்லை. 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணம் ₹3,416. மற்றொரு பகுதி, சொந்த வாகனச் சேதத்துக்கானது. இது வண்டியின் மதிப்பைப் பின்தொடர்வதால் வண்டி பழசாகப் பழசாகக் குறையும். ₹8 லட்சம் விலையுள்ள கார் மூன்று வயதைத் தாண்டியதும் 40 சதவீதம் கழிக்கப்பட்டு ₹4.8 லட்சமாகவும், நான்கு வயதைத் தாண்டியதும் 50 சதவீதம் கழிக்கப்பட்டு ₹4 லட்சமாகவும் மதிப்பிடப்படும். பிரீமியம் மதிப்பில் இரண்டரை சதவீதம் என்றால் ₹12,000 என்பது ₹10,000 ஆகிறது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான நோ கிளெய்ம் போனஸும் இதற்குள் 35 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். எனவே இந்தப் பகுதி ₹7,800-லிருந்து ₹5,500-க்கு இறங்குகிறது. மூன்றாம் நபர் கட்டணத்தையும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் போன ஆண்டு ₹13,235, வரும் ஆண்டு ₹10,521. பத்து சதவீதம் கூட்டியவர் ₹14,558 ஒதுக்கியிருப்பார். ஆனால் நடப்பு ஆண்டில் ஒரு விபத்துக்கு இழப்பீடு வாங்கியிருந்தால் போனஸ் முழுதும் போய், அதே பிரீமியம் ₹15,831 ஆகிவிடும். பட்ஜெட் எழுதும் முன் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அலுவலகப் பொருள்களின் காப்பீட்டில் தவறு வேறு இடத்தில் நடக்கிறது. பொருள்களின் மதிப்பைப் பலர் ஆடிட்டர் தந்த ஐந்தொகையிலிருந்து எடுக்கிறார்கள். அங்கே இருப்பது தேய்மானம் போக எஞ்சிய தொகை. கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் என்பதால் ₹6 லட்சத்துக்கு வாங்கியவை மூன்றே ஆண்டில் ஏட்டில் சுமார் ₹1.3 லட்சமாகச் சுருங்கிவிடும். எரிந்துபோனால் புதிதாக வாங்க அந்தப் பணம் போதாது. அதைவிடப் பெரிய சிக்கல், பாலிசியில் உள்ள சராசரி விதி. ₹8 லட்சம் மதிப்புள்ள பொருள்களை ₹5 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்து, ₹1.6 லட்சத்துக்குச் சேதம் ஏற்பட்டால், எட்டில் ஐந்து பங்கான ₹1 லட்சம்தான் கிடைக்கும். சேதம் காப்பீட்டுத் தொகைக்கு உள்ளேதானே இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. ₹5 கோடி வரையிலான சொத்துகளுக்கு 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி, குறைமதிப்பு 15 சதவீதத்துக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்கிறது. இங்கே குறைமதிப்பு 37 சதவீதத்துக்கு மேல். ஆகவே பொருள் பட்டியலை எடுத்து, இன்றைய கடை விலையை எதிரே எழுதி, அந்தக் கூட்டுத்தொகைக்குக் கொட்டேஷன் வாங்குவதே சரியான வழி.

தணிக்கை வரியை மதிப்பிடுவது மூன்றிலும் எளிது. ஆடிட்டர் செய்யும் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து விலை கேட்டால் போதும். கணக்குத் தணிக்கையும் வருமான வரித் துறைக்கான தணிக்கை அறிக்கையும் ₹30,000, வருமான வரி ரிட்டர்ன் ₹8,000, நான்கு காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன்களுக்கு ₹8,000, இரண்டு நன்கொடையாளர்கள் கேட்கும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ்களுக்கு ₹6,000. மொத்தம் ₹52,000. ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத அறக்கட்டளை 18 சதவீத வரியைத் திரும்பப் பெற முடியாது; ஆகவே அதுவும் செலவுதான். வரியோடு சேர்த்து ₹61,360.

இங்கே இரண்டு குழப்பங்கள் நேர்கின்றன. ஆண்டுக் கட்டணம் ₹50,000-ஐத் தாண்டியதால் 10 சதவீதம், அதாவது ₹5,200, டிடிஎஸ் பிடிக்க வேண்டும். சிலர் இதைக் கூடுதல் செலவாகச் சேர்க்கிறார்கள். சிலர் ஆடிட்டருக்குப் போகும் ₹56,160-ஐ மட்டும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தவறு, செலவு ₹61,360-தான். அடுத்தது, பயன்பாட்டுச் சான்றிதழ் அந்தந்தத் திட்டத்துக்காகவே வாங்கப்படுவது. நன்கொடையாளர் ஒப்புக்கொண்டால் வரியுடன் ₹7,080-ஐத் திட்டச் செலவில் வைக்கலாம். நிர்வாகச் செலவில் ₹54,280 நிற்கும். வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்களுக்கு இந்தப் பிரிப்பு இன்னும் முக்கியம். 2020 திருத்தத்துக்குப் பின் அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்ட, தொழில்முறைக் கட்டணங்கள் நிர்வாகச் செலவாகவே எண்ணப்படும். டிசம்பர் 31-க்குள் FC-4 படிவமும் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் ஆடிட்டர் கட்டணமும் ஏறும்.

சட்டச் செலவுக்குப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ₹4,000, ₹3,000, ₹42,000, ₹5,000, ₹6,000 என்று செலவாகியிருந்தால் சராசரி ₹12,000. ஆனால் எந்த ஆண்டிலும் ₹12,000 செலவாகவில்லை. வாடகை ஒப்பந்தம் எழுதுவது, நோட்டீசுக்குப் பதில் அனுப்புவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு ₹5,000 அளவில் ஆகிறது. அந்த ஒரு பெரிய ஆண்டு ஒரு வழக்கினுடையது. எனவே நடப்புச் செலவில் ₹5,000-ஐ வைத்து, மீதி ₹7,000-ஐ ஆண்டுதோறும் காப்பு நிதியில் சேர்ப்பது பொருத்தம். வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் சராசரிக்கு வேலையில்லை. வரும் மார்ச்சுக்குள் வழக்கு எந்தக் கட்டத்தை எட்டும், அதற்கு என்ன கட்டணம், குமாஸ்தா செலவும் நீதிமன்றக் கட்டணமும் தனியா என்று வக்கீலிடமே கேட்க வேண்டும். தனி வழக்கறிஞர்கள் இத்தகைய சிறு அறக்கட்டளைக்குத் தரும் பில்லில் பொதுவாக ஜிஎஸ்டி இருக்காது.

பழைய ஏடுகளைப் பார்க்கும்போது களைய வேண்டியது ஒன்று உண்டு. டிடிஎஸ் ரிட்டர்னைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு ₹200 கட்டணம், பிடித்த வரித் தொகை வரை ஏறும். இது பெரும்பாலும் தணிக்கைச் செலவு என்ற பெயரில் எழுதப்பட்டுக் கிடக்கும். அதை அப்படியே அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோனால் தாமதத்துக்கும் பட்ஜெட் போட்டதாகிவிடும்.

கடைசியாகக் காலக் கணக்கு. மார்ச்சில் முடியும் ஆண்டின் தணிக்கை, செப்டம்பர் 30 கெடுவை ஒட்டி அடுத்த நிதியாண்டில்தான் நடக்கும். கட்டணத்தை முடிந்த ஆண்டின் கணக்கில் செலுத்த வேண்டிய தொகையாகக் காட்டலாம்; ஆனால் வருமான வரி விலக்குக்காக, பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட ஆண்டில்தான் அது செலவாக ஏற்கப்படும். அக்டோபரில் புதுப்பிக்கும் பாலிசியிலோ பாதிப் பிரீமியம் அடுத்த ஆண்டுக்குரியது. பட்ஜெட்டில் பாதியைக் காட்டினாலும், அக்டோபரில் வங்கியில் முழுத்தொகை இருந்தாக வேண்டும்.