குப்பை வண்டி வராத நாட்களுக்கு ஒரு கடிதம்

சின்ன ஓட்டல் நடத்துகிறவர்களிடம் குப்பை வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், "போன் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு" என்பார்கள். டிரைவருக்கு ஒரு போன், சூப்பர்வைசருக்கு ஒரு போன், "நாளைக்குக் கண்டிப்பா வந்துடும்ணே" என்ற பதில். மாதக் கடைசியில் பில் மட்டும் முழுத் தொகைக்கு வந்து நிற்கும். "எந்தெந்தத் தேதியில் வண்டி வரவில்லை, சொல்லுங்கள்" என்று காண்ட்ராக்டர் திருப்பிக் கேட்டால், ஓட்டல்காரரால் உறுதியாகச் சொல்ல முடியாது. போனில் பேசியதற்குச் சாட்சி எதுவும் இருக்காது.

இந்த இடத்தில்தான் ஒரு பக்கக் கடிதம் பெரிய வேலை செய்கிறது. அதில் எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும், எவ்வளவு பணம் கேட்பது நியாயம் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

நாற்பது பேர் உட்காரும் சைவ ஓட்டல் ஒன்று. காய்கறித் தோல், எச்சில் இலை, மிச்சச் சோறு, டீத்தூள் எல்லாம் சேர்ந்து தினமும் 80 கிலோ வரை மக்கும் குப்பை சேர்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோவைத் தாண்டினால் திடக்கழிவு விதிகளின்படி 'பெருமளவு கழிவு உருவாக்குபவர்' ஆகிவிடுவார். அவருக்குக் கூடுதல் பொறுப்புகள் உண்டு. நம் ஓட்டல் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் நகராட்சி வண்டி வரும் நேரம் ஒத்துவராததால், ஒரு தனியார் காண்ட்ராக்டருடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். தினமும் காலை 7 மணிக்குள் 120 லிட்டர் டிரம் இரண்டைக் காலி செய்ய வேண்டும். 30 நாள் மாதத்துக்கு 6,000 ரூபாய், அதாவது நாளைக்கு 200 ரூபாய்.

ஒரு நாள் வராவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நம் ஊர் வெயிலில் ஈ போடும் முட்டை ஒரே நாளில் பொரிந்து புழுவாகும். இரண்டாம் நாள் டிரம்மின் அடியில் கசிந்த தண்ணீர் சந்து வரை நாறும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் புழு நெளியும். பின்கட்டில் இப்படி இருக்கும்போது உணவுப் பாதுகாப்பு அலுவலர் சோதனைக்கு வந்தால், நோட்டீஸ் ஓட்டல் பெயரில்தான் வரும். காண்ட்ராக்டர் பெயரை யாரும் கேட்கப்போவதில்லை.

செப்டம்பர் மாதத்தில் அந்த ஓட்டலுக்கு ஆறு நாள் வண்டி வரவில்லை. உரிமையாளர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பொருள்: செப்டம்பர் மாதம் குப்பை எடுக்காத நாட்கள், பில் தொகையைத் திருத்துதல்.

நம் ஒப்பந்தப்படி தினமும் காலை 7 மணிக்குள் எங்கள் ஓட்டலின் மக்கும் குப்பையை எடுக்க வேண்டும். செப்டம்பர் 4, 5, 11, 18, 19, 20 ஆகிய ஆறு நாட்களும் வண்டி வரவில்லை. ஒவ்வொரு நாளும் 7.30 மணிக்கு உங்கள் சூப்பர்வைசருக்கு டிரம்களின் படத்துடன் வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறேன். பின்வாசல் 5.30 மணிக்கே திறந்திருக்கும்; டிரம்கள் வாசலை ஒட்டியே இருக்கும். மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துத்தான் வைக்கிறோம்.

11-ஆம் தேதி விட்ட குப்பையை 12-ஆம் தேதி சேர்த்து எடுத்துவிட்டீர்கள். அந்த நாளுக்குப் பணம் எதுவும் கழிக்கவில்லை. மற்ற ஐந்து நாள் குப்பையை லோடு ஆட்டோ வைத்து, அனுமதி பெற்று, நகராட்சியின் நுண் உர மையத்தில் கொடுத்தோம். மூன்று டிரிப்புக்கு 1,800 ரூபாய் ஆனது. ரசீதுகளின் நகல் இணைப்பில் உள்ளது. எனவே செப்டம்பர் பில்லை 4,200 ரூபாய்க்குத் திருத்தி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொகையை உரிய தேதியில் செலுத்திவிடுவேன்.

வண்டி வர முடியாத நாளில் காலை 7 மணிக்குள் தகவல் சொல்லி, 11 மணிக்குள் மாற்று வண்டி அனுப்ப வேண்டும். இதற்கான ஏற்பாட்டை இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இனிமேல் தாமதமாக எடுத்தாலும், அந்தத் தாமதத்தால் வரும் செலவைக் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். தவறுதல் தொடர்ந்தால், ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 நாள் அறிவிப்புக் கொடுத்து விலகுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிக்கு,
உரிமையாளர்."

கடிதத்தில் கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. "அடிக்கடி வருவதில்லை", "எத்தனை தடவை சொல்வது" போன்ற புலம்பலும் இல்லை. 'அடிக்கடி' என்று எழுதினால், காண்ட்ராக்டர் "ஒண்ணு ரெண்டு நாள் விட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆறு தேதிகளை எழுதினால் ஆறுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

குப்பை எடுக்காததற்கு இந்தத் தொழிலில் வழக்கமாக வரும் சமாதானங்கள் மூன்று: "வந்தோம், கதவு பூட்டியிருந்தது", "குப்பையைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள்", "டிரம் தூக்க முடியாத கனம்". முதல் இரண்டுக்கும் கடிதமே முன்கூட்டி விடை சொல்லிவிடுகிறது. மூடியைத் திறந்து வைத்து, உள்ளே இருப்பது தெரியும்படி எடுத்த படம் இதற்குத்தான்.

மூன்றாவது சமாதானத்தில் நியாயம் இருக்கலாம். அதை ஓட்டல்காரர் தன் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். மிச்ச ரசத்தையும் சாம்பாரையும் பையன்கள் அப்படியே டிரம்மில் ஊற்றினால், 120 லிட்டர் டிரம் நிறைந்தபின் 100 கிலோவைத் தாண்டும். அதை இரண்டு பேர் வண்டி உயரத்துக்குத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொள்ளும், எச்சில் தண்ணீர் மேலே கொட்டும். தூக்குகிறவரும் கூலிக்கு உழைக்கும் மனிதர்தான். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு சல்லடைக் கூடை வைத்து, நீரை வடித்துவிட்டுத் திப்பியை மட்டும் போட்டால் கனம் வெகுவாகக் குறையும், நாற்றமும் குறையும். இதைச் செய்துவிட்டு எழுதும் கடிதத்தில் யாரும் குறை காண முடியாது.

அடுத்தது பணக் கணக்கு. பலர் சறுக்கும் இடம் இதுதான். வராத ஐந்து நாளுக்கு 1,000 ரூபாய், ஆட்டோவுக்கு 1,800 ரூபாய், ஆக 2,800 ரூபாயைக் கழிக்க வேண்டும் என்று தோன்றும். அது தவறு. காண்ட்ராக்டர் ஒழுங்காக வந்திருந்தால் அந்த ஐந்து நாளுக்கு 1,000 ரூபாய் அவருக்குப் போயிருக்கும். இப்போது அந்த வேலைக்கு ஆட்டோவுக்கு 1,800 ரூபாய் போனது. உண்மையான நஷ்டம் இடையில் உள்ள 800 ரூபாய்தான். செய்யாத வேலைக்கான 1,000, கூடுதலாக ஆன 800, இரண்டும் சேர்த்துக் கழிக்க வேண்டியது 1,800 ரூபாய்.

இது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. காண்ட்ராக்டருக்கு 4,200, ஆட்டோவுக்கு 1,800, மொத்தம் 6,000. ஒப்பந்தப்படி ஆகவேண்டிய செலவும் அதேதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு நஷ்ட ஈட்டைப் பார்ப்பதும் இந்த வகையில்தான்: மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தைக் கேட்கலாம், அதற்கு மேல் லாபம் பார்க்க முடியாது. நஷ்டத்தைக் குறைக்க நம்மால் முடிந்ததைச் செய்தோமா என்பதையும் அந்தப் பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆட்டோ வைத்தது அதற்கான சான்று.

11-ஆம் தேதிக்கு ஏன் பணம் கழிக்கவில்லை? அன்றைய குப்பை மறுநாள் போய்விட்டது. அதற்காக ஓட்டலுக்குத் தனிச் செலவும் ஆகவில்லை. அதோடு அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. குறித்த நேரம் முக்கியம் என்று பேசி முடித்த வேலையை நேரம் தவறிய பிறகு நாம் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே "நஷ்டத்தைக் கேட்பேன்" என்று தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் ஏற்றுக்கொண்டால் தாமதத்துக்கான ஈட்டைப் பிறகு கேட்க முடியாது. 12-ஆம் தேதி ஓட்டல்காரர் ஒன்றும் சொல்லாமல் டிரம்மை எடுக்கவிட்டார். கடிதத்தின் கடைசிப் பத்தியில் 'உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்ற வரி சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். இனிமேல் தாமதமாக எடுக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய வாட்ஸ்அப் செய்தியிலும் இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

கோபத்தில் மொத்தப் பில்லையும் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் பட்டியலில் நாமும் சேர்ந்துவிடுவோம். வண்டியை அடியோடு நிறுத்த காண்ட்ராக்டருக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடும். சர்ச்சை இல்லாத தொகையைத் தேதி தவறாமல் கட்டிவிட வேண்டும். ஆட்டோக்காரரிடம் "எங்கயாவது கொட்டிடுப்பா" என்று விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டினால், இலைக்குள் கிடக்கும் பில் துண்டே ஓட்டலைக் காட்டிக்கொடுக்கும். ஊர்த் தண்ணீரைக் கெடுத்த பழிக்கு எந்தக் காண்ட்ராக்டரின் தவறும் சமாதானம் ஆகாது. இறக்கிய இடத்தில் ரசீது வாங்குவது அதனால் கட்டாயம்.

கடிதத்தை டிரைவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. அவருடைய வண்டியை வேறு ரூட்டுக்கு மாற்றியதே முதலாளியாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரின் பெயருக்கு, அதில் உள்ள முகவரிக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். நகலையும் ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டால், பேச்சு நுகர்வோர் ஆணையம் வரையோ நீதிமன்றம் வரையோ போனாலும் தேட வேண்டியிருக்காது. 1,800 ரூபாய்க்காக அங்கெல்லாம் போவது யாருக்கும் கட்டுப்படியாகாது. பெரும்பாலும் ரசீதோடு வந்த கணக்கைப் பார்த்ததும் பேசித் தீர்த்துக்கொள்வதே இருவருக்கும் லாபம்.

காண்ட்ராக்டர் பில்லைத் திருத்தி, மாற்று வண்டிக்கும் ஒப்புக்கொண்டால், அதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தோடு இணைப்பாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்: வராத நாளுக்குப் பணம் இல்லை, 11 மணிக்குள் மாற்று வண்டி, அதுவும் வராவிட்டால் ஓட்டல் ஏற்பாடு செய்த வண்டியின் கூடுதல் செலவு காண்ட்ராக்டர் கணக்கில். அதே இணைப்பில் ஓட்டல்காரர் தரவேண்டிய உறுதியும் இருக்கட்டும்: 5.30 மணிக்குத் திறந்த கதவு, பிரித்து வைத்த குப்பை, நீர் வடித்த டிரம். இரண்டு தரப்புக் கடமையும் ஒரே தாளில் இருந்தால், அடுத்த மாதம் வண்டி தவறினால் யார் பக்கம் பிசகு என்று கண்டுபிடிக்க அந்தத் தாளையும் அன்றைய படத்தையும் பார்த்தாலே போதும்.