பஸ்ஸைப் பிடித்தானா, விட்டானா?

“ஆறு மணி பஸ்ஸைப் பிடித்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பான்.”

இதை இரண்டு பேர் சொல்லலாம். தம்பி மதுரையில் பஸ் ஏறினானா இல்லையா என்றே தெரியாத அக்கா, திருச்சியில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். அவன் ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டதைக் கண்ணால் பார்த்த நண்பனும், ஆதங்கத்தோடு இதையே சொல்லலாம். தமிழில் வாக்கியம் மாறுவதில்லை. யார் சொல்கிறார், எந்தக் குரலில் சொல்கிறார் என்பதை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். “பஸ்ஸை மட்டும் பிடித்திருந்தால்” என்று ஒரு ‘மட்டும்’ சேர்ந்தால்தான் அவன் பஸ்ஸை விட்டுவிட்டான் என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது.

ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. அக்காவுக்கு ஒரு வாக்கியம், நண்பனுக்கு இன்னொன்று. அக்கா சொல்ல வேண்டியது: “இஃப் ஹி டுக் த பஸ், ஹி வில் பி ஹோம் பை நவ்.” ஏறினான் என்றால் வீட்டில் இருப்பான், அவ்வளவுதான், ஏறியிருக்கவும் கூடும். நண்பன் சொல்ல வேண்டியது: “இஃப் ஹி ஹேட் டேக்கன் த பஸ், ஹி வுட் பி ஹோம் பை நவ்.” இதைக் கேட்பவருக்கு இரண்டு செய்தி உடனே போய்ச் சேர்கிறது: அவன் பஸ் ஏறவில்லை, இப்போது வீட்டிலும் இல்லை. நடக்காமல் போன பழைய காரியத்தையும், அதனால் இன்றைக்கு இல்லாமல் போன ஒரு நிலையையும் முடிச்சுப் போடுகிற இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் இலக்கணப் புத்தகங்களில் மிக்ஸ்டு கண்டிஷனல் என்று பெயர்.

ஆங்கிலத்தில் ஓரளவு சரளமாகப் பேசுகிறவர்கள்கூட இங்கே சொல்வது: “இஃப் ஹி ஹேட் டேக்கன் த பஸ், ஹி வில் பி ஹோம்.” காரணம் நம் ‘இருப்பான்’தான். அது எதிர்கால வினையின் உருவில் இருப்பதால் கை தானாக ‘வில்’லுக்குப் போகிறது. முன்பாதி நண்பனுடையது, பின்பாதி அக்காவுடையது. கேட்கிற ஆங்கிலேயருக்குப் பையன் பஸ் ஏறினானா இல்லையா என்பதே குழம்பிவிடும். இலக்கணப் பிழை என்று மதிப்பெண் குறைவது இருக்கட்டும், செய்தியே தடுமாறுகிறது என்பதுதான் பெரிய தொந்தரவு.

இன்னொரு பிழை நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பள்ளியில் ‘இஃப்’ வாக்கியங்களை மூன்று வகையாக மனப்பாடம் செய்தவர்களுக்கு, முன்பாதியில் ‘ஹேட்’ வந்தால் பின்பாதியில் ‘வுட் ஹேவ்’ வந்தே தீர வேண்டும் என்று பதிந்துவிடுகிறது. முன்பாதியும் பின்பாதியும் ஒரே காலத்தில் இருக்கும்வரை அது சரி. காலம் பிரிந்தால் வடிவமும் பிரிய வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். தஞ்சாவூரில் ஓர் அம்மா. மகள் சிங்கப்பூரில். அம்மா போன வருஷம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவில்லை, அதனால் இன்று சிங்கப்பூரில் இல்லை. முதலில் ‘இஃப்’பை மறந்துவிட்டு, உண்மையில் நடந்ததை இரண்டு சின்ன வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்.

“ஷி டிட் நாட் ரென்யூ ஹர் பாஸ்போர்ட்.” “ஷி இஸ் நாட் இன் சிங்கப்பூர்.”

முதல் வாக்கியம் இறந்தகாலம். அதை ஒரு படி பின்னுக்குத் தள்ளி, ‘இல்லை’யை ‘ஆம்’ ஆக்கினால் “இஃப் ஷி ஹேட் ரென்யூட் ஹர் பாஸ்போர்ட்” என்று வரும். இரண்டாவது நிகழ்காலம். அதையும் அப்படியே புரட்டினால் “ஷி வுட் பி இன் சிங்கப்பூர்”. இரண்டையும் ஒட்டினால் வேலை முடிந்தது. எதிர்மறை எங்கே வரும் என்ற குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது: உண்மையில் ‘நாட்’ இருந்த இடத்தில் ‘இஃப்’ வாக்கியத்தில் அது போய்விடும், இல்லாத இடத்தில் வந்து உட்காரும்.

இப்போது கதையில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். மகளுக்கு மார்ச் மாதம் பிரசவம், அம்மா அப்போது பக்கத்தில் இல்லை என்பதுதான் குறை. இரண்டாவது உண்மை “ஷி வாஸ் நாட் தேர் இன் மார்ச்” என்று இறந்தகாலமாகிவிட்டது. ஆகவே “ஷி வுட் ஹேவ் பீன் தேர் இன் மார்ச்”. பாஸ்போர்ட் பாதி ஒரு எழுத்தும் மாறவில்லை. இது கலப்பில்லாத, பழைய மூன்றாம் வகை.

இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. இப்போது சிங்கப்பூரில் ‘இருப்பார்’, மார்ச்சில் ‘இருந்திருப்பார்’ என்று நாமும் பிரித்தே சொல்கிறோம். ‘இருப்பார்’ என்றால் ‘வுட் பி’, ‘இருந்திருப்பார்’ என்றால் ‘வுட் ஹேவ் பீன்’. ஆனால் இந்தத் துணையை எல்லா வினைச்சொல்லுக்கும் நம்ப முடியாது. “டிக்கெட் வாங்கியிருந்தால் இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்” என்பதில் ‘உட்கார்ந்திருப்பேன்’ என்ற உருவத்தைப் பார்த்துப் பலர் “வுட் ஹேவ் சேட்” என்று எழுதுவார்கள். சொல்ல வருவது இந்த நிமிஷம் உட்கார்ந்த நிலையில் இருப்பதை. அதற்கு “ஐ வுட் பி சிட்டிங்” என்பதுதான் சரி.

அதேபோல, வாக்கியத்தில் ‘இந்நேரம்’ இருக்கிறது என்பதற்காகவே ‘ஹேவ்’வைத் தூக்கிவிடவும் கூடாது. “இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பான்” என்றால் “ஹி வுட் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்”. சேர்வது நடந்து முடிகிற ஒரு செயல். வீட்டில் இருப்பது தொடர்கிற ஒரு நிலை. மிக்ஸ்டு கண்டிஷனலின் பின்பாதியில் பெரும்பாலும் வந்து அமர்பவை இப்படி நீடிக்கிற வினைகள்தான்: பி, ஹேவ், நோ, லிவ், ஓன், அல்லது ‘பி’யோடு ‘இங்’ சேர்ந்தவை. உறுதி குறைவாக இருந்தால் ‘வுட்’ இடத்தில் ‘மைட்’ போடலாம். “பிடித்திருந்தால் ஒருவேளை வீட்டில் இருப்பான், வழியில் எங்காவது இறங்கியும் இருப்பான்” என்கிற ரகம். ‘குட்’ போட்டால், இருக்க முடியும் என்ற பொருள் ஏறும்.

முன்பாதியில் ‘வுட்’ வேண்டாம். “இஃப் ஹி வுட் ஹேவ் டேக்கன்” என்று அமெரிக்கப் பேச்சில் காதில் விழத்தான் செய்கிறது, ஆனால் தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அது தவறாகவே கொள்ளப்படும்.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது பேச்சில் கரைந்துவிடுகிறது. ‘ஹேட்’, ‘வுட்’ இரண்டுமே சுருங்கி வெறும் ‘ட்’ ஆகிவிடும். “இஃப் ஹீட் டேக்கன் த பஸ், ஹீட் பி ஹோம்” என்று வேகமாகக் காதில் விழும்போது இரண்டு ‘ஹீட்’டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எது என்பதை அடுத்த சொல் காட்டிக்கொடுக்கும். பின்னால் ‘டேக்கன்’ போல வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் அந்த ‘ட்’ ‘ஹேட்’. ‘பி’, ‘நோ’, ‘ஹேவ்’ என்று மொட்டையான மூல வடிவம் வந்தால் ‘வுட்’. ஆகவே படமோ செய்தியோ கேட்கும்போது ‘ட்’டைப் பிடிக்க மெனக்கெடாமல் அதற்கு அடுத்த சொல்லில் காதை வைப்பது சுலபம். இதற்கு விலக்காக அடிக்கடி காதில் விழுவது “ஹீட் பெட்டர் கோ”. அங்கே ‘கோ’ மூல வடிவமாக இருந்தாலும் அந்த ‘ட்’ ‘ஹேட்’தான், ‘பெட்டர்’ என்ற சொல்லே அடையாளம்.