லேபிள் இல்லாத ஃபிலமென்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

3டி பிரிண்டர் இருக்கும் இடத்தில் லேபிள் உரிந்துபோன ஃபிலமென்ட் சுருள் ஒன்றாவது கிடக்கும். எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் ஏற்றினால் தொல்லைதான். சூடு போதாவிட்டால் இழை நகராது. மிஞ்சினால் நாசிலுக்குள்ளேயே கருகி அடைத்துக்கொள்ளும்.

ஒரு சாம்பல் நிறச் சுருளை எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் அளவு வெட்டி விரலால் வளைத்துப் பாருங்கள். ரப்பர் போலத் துவண்டு, முடிச்சுப் போட இடம் கொடுத்தால் டிபியு, வேலை முடிந்தது. கொஞ்சம் வளைந்து 'டக்'கென்று ஒடிந்தால் பெரும்பாலும் பிஎல்ஏ. ஈரம் குடித்த பழைய பிஎல்ஏ வளையக்கூட வளையாது, தொட்டவுடன் ஒடியும். நம் சாம்பல் இழையோ மடித்த இடத்தில் லேசாக வெளுத்ததே தவிர ஒடியவில்லை. இங்கேதான் பலர் அவசரப்பட்டு 'பெட்ஜி' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஏபிஎஸ்ஸும் இப்படித்தான் வளையும். உறுதி கூட்டிய 'பிஎல்ஏ பிளஸ்' வகைகளும் சட்டென்று ஒடிவதில்லை. ஒடிந்தால் அது ஒரு தடயம். ஒடியாததால் அதிகம் தெரிந்துவிடாது.

மீதியைச் சூடுதான் சொல்ல வேண்டும். முதலில் நாசிலில் தங்கியிருக்கும் பழைய பிளாஸ்டிக்கை அதற்குரிய சூட்டிலேயே வெளியேற்றிவிடுங்கள். அது மிச்சமிருந்தால் சோதனையே தப்பாகிவிடும். பிறகு 190 டிகிரி வைத்து, இழையைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். பிஎல்ஏ என்றால், பிளஸ் வகையும் சேர்த்து, அந்தச் சூட்டிலேயே ஓரளவு இறங்கத் தொடங்கும். சாம்பல் இழை அசையவில்லை. அசையாததை அழுத்தக் கூடாது. பத்துப் பத்து டிகிரியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். 220-இல் முரண்டுபிடித்தபடி வந்தது, 235-இல் வழவழப்பாக இறங்கியது. எனவே பெட்ஜி அல்லது ஏபிஎஸ். இறங்கும்போது படபடவென்று பொரிந்து குமிழி விட்டால் அது ஈரத்தின் வேலை, பிளாஸ்டிக்கின் குணமல்ல.

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு குவளை வெந்நீர் போதும். பெட்ஜி சுமார் 80 டிகிரியில் இளகும்; ஏபிஎஸ்ஸுக்கு 100-க்கும் மேல் வேண்டும். கொதிக்கும் நீரில் ஒரு துண்டை ஒரு நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்து வளைத்தால் பெட்ஜி துவண்டுவிடும், ஏபிஎஸ் விறைப்பாகவே இருக்கும். நம் துண்டு துவண்டது. ஆக, அது பெட்ஜி.

240 டிகிரியிலும் இறங்காத இழை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது நைலானாகவோ பாலிகார்பனேட்டாகவோ இருக்கலாம். நாசில் வரை டெஃப்லான் குழாய் இறங்கும் சாதாரண பிரிண்டர்களில் அதற்கு மேல் சூடேற்றினால், இழைக்கு முன்னால் குழாய்தான் கெட்டுப்போகும்.