மாத்திரைப் பெட்டியும் மூன்று அறிகுறிகளும்

மனச்சிதைவு நோய் மூளையின் செயல்பாட்டைப் பாதிக்கும் ஒரு நோய். இந்நோய் உள்ளவருக்கு, அருகில் யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்கலாம். பிறர் தமக்குத் தீங்கு செய்யத் திட்டமிடுகிறார்கள் என்ற எண்ணம் உறுதியாகத் தோன்றலாம். சிலருக்குப் பேச்சும் ஆர்வமும் குறைந்துவிடும்; குளிப்பதும் வெளியில் செல்வதும்கூடக் கடினமாகிவிடும். ஒரே உடலில் இரண்டு மனிதர்கள் இருப்பதுதான் இந்நோய் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ பெரும்பாலும் தொடங்கும் இந்நோயைப் பலரால் மருந்தின் துணையோடு கட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது. ஆனால், மருந்து எழுதித் தருவது மருத்துவர். அது நாள்தோறும் உட்கொள்ளப்படுவது வீட்டில்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிங்கப்பூரில் ஒரு மூவறை வீட்டில் பாட்டி, அம்மா, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், அம்மாவின் தம்பி ஆகிய நால்வரும் வாழ்கின்றனர். மகளுக்கு அவர் மாமா. வயது 29. ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அவருக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை பெற்று நலமடைந்த அவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டார். காலையில் எழ முடியாத அளவுக்கு அது தூக்கத்தைத் தந்தது என்பதே காரணம்.

மருந்தை நிறுத்திய மறுநாளே எதுவும் நடக்கவில்லை. ஐந்து வாரங்கள்வரை அவர் நன்றாகவே இருந்தார், சுறுசுறுப்பாகவும் தெரிந்தார். அதனால், மருந்து இனித் தேவையில்லை என்று அவரும் நம்பினார், வீட்டாரும் நம்பினர். இந்த இடைவெளிதான் பலரை ஏமாற்றுகிறது. மருந்தை நிறுத்திய பிறகு நோய் திரும்பச் சில வாரங்களோ, சில மாதங்களோ ஆகலாம். ஆறாம் வாரத்தில் மாமாவின் தூக்கம் கெட்டது. எட்டாம் வாரத்தில் மேல்மாடியில் இருப்பவர்கள் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்று கூறி அவர் வேலைக்குச் செல்ல மறுத்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறவேண்டியதாயிற்று.

வீடு திரும்பியதும் குடும்பத்தார் முதலில் மருந்துப் பழக்கத்தைச் சீர்செய்தனர். மருத்துவர் மருந்தின் அளவை மாற்றி, அதை இரவில் உட்கொள்ளச் சொன்னார். ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்றை அம்மா வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவே அதில் மாத்திரைகளை நிரப்புவார். இரவு உணவுக்குப் பிறகு, தட்டைக் கழுவியதும், அன்றைய அறையைத் திறப்பார். நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மருந்தைச் சேர்த்துவிட்டால் அது எளிதில் மறக்காது. “மருந்து சாப்பிட்டாயா?” என்று பலமுறை கேட்கும் தேவையும் குறைந்தது, பெட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதில் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். ஒருநாள் மருந்தை மறந்துவிட்டால், மறுநாள் இருமடங்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. என்ன செய்ய வேண்டும் என்று மருந்தாளரிடம் கேட்க வேண்டும். மருந்தை உட்கொள்ள மறுப்பவருக்குச் சோற்றிலோ, பானத்திலோ அதை ஒளித்துக் கொடுக்கவும் கூடாது. பிறர் தம்மை ஏமாற்றுகிறார்கள் என்று ஏற்கெனவே அஞ்சுபவருக்கு, அது உண்மையாகிவிடும். அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்பதே முறை. தூக்கம், உடல் எடை கூடுதல், கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத அமைதியின்மை போன்ற பக்கவிளைவுகள் உண்மையான தொல்லைகள். மருத்துவரிடம் கூறினால் அளவையோ, மருந்தையோ மாற்றித் தருவார். நாள்தோறும் மாத்திரை எடுக்க இயலாதவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் ஊசியும் உண்டு.

அடுத்ததாக, முன்பு நோய் திரும்பியபோது முதலில் என்னென்ன மாறின என்பதை மாமாவும் அம்மாவும் சேர்ந்து நினைவுகூர்ந்து, ஒரு தாளில் எழுதினர். நள்ளிரவு கடந்தும் விளக்கு எரிந்தது. பகலிலும் திரைச்சீலை மூடியே இருந்தது. குடும்பத்தோடு அமர்ந்து உண்ணாமல் தட்டை அறைக்கு எடுத்துச் சென்றார். இந்த மூன்றும் குரல்கள் கேட்பதற்கு முன்னரே தோன்றியவை. தொடக்க அறிகுறிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால், ஒருவருக்கு முன்பு தோன்றியவையே பெரும்பாலும் மீண்டும் தோன்றும். ஓர் இரவு தூங்காதது நோயின் அறிகுறி ஆகாது. யாருக்கும் அது நேரலாம். எனவே, மூன்றில் இரண்டு அறிகுறிகள் தொடர்ந்து மூன்று நாள் தெரிந்தால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைப்பது என்று முடிவுசெய்தனர். மாமாவும் அதற்கு ஒப்புக்கொண்டார். அவர் நலமாக இருந்தபோதே கேட்டதால்தான் அது முடிந்தது.

இவ்வாண்டு அந்தத் தாள் பயன்பட்டது. மாமாவின் அறையில் மூன்று இரவுகள் விளக்கு எரிவதையும், பகலில் திரைச்சீலை மூடியிருப்பதையும் மகள் கவனித்து அம்மாவிடம் கூறினாள். அம்மா மாத்திரைப் பெட்டியைப் பார்த்தார். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று அறைகளும் திறக்கப்படவில்லை. அந்த வாரம் மாமா இரவுநேர வேலைக்கு மாற்றப்பட்டிருந்தார். இரவு உணவை வீட்டில் உண்ணாததால், அதோடு சேர்ந்த மருந்தும் விடுபட்டுப்போனது. மறுநாளே மருத்துவரைச் சந்தித்தனர். வேலை முடிந்து வந்து தூங்கப் போகும் முன் மருந்தை உட்கொள்ளுமாறு அவர் கூறினார். மாமாவும் தம் மேலாளரிடம் பேசிப் பகல்நேர வேலைக்கு மாறினார். இம்முறை அவர் மருத்துவமனையில் தங்கவேண்டிய நிலை வரவில்லை.

வீட்டில் பேசும் முறையும் நோயைப் பாதிக்கிறது. 1950களில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்தார். பின்னர் தொடர்ந்த ஆய்வுகளில், வீட்டில் ஓயாத குறைகூறலும் பகைமையும் அளவுக்கு மீறிய தலையீடும் இருந்தால் நோய் விரைவில் திரும்பும் வாய்ப்பு கூடுவது தெரிந்தது. குடும்பத்தால்தான் நோய் வந்தது என்பது இதன் பொருளன்று. நோயுள்ளவரின் மூளைக்கு மன அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் குறைவு என்பதே பொருள்.

மாமா எழாமல் படுத்திருந்தால், “சோம்பேறி!” என்று பாட்டி கடிந்துகொள்வார். ஆர்வம் குறைவதும் நோயின் ஒரு பகுதி என்று மருத்துவமனைத் தாதி விளக்கிய பிறகு, “தம்பி, பத்து மணிக்குள் துணிகளைக் காயப்போட்டுவிடு” என்று ஒரு வேலையை மட்டும் தெளிவாகச் சொல்லப் பழகினார். மேல்மாடியில் இருப்பவர்கள் ஏசுகிறார்கள் என்று மாமா கூறினால், மகள் வாதிடுவதில்லை. வாதம் அவருடைய எண்ணத்தை மாற்றாது, கோபத்தையே வளர்க்கும். ஆமோதிப்பதும் இல்லை. “மாமா, எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால், உங்களுக்குப் பயமாக இருப்பது புரிகிறது. தொலைக்காட்சியை நிறுத்திவிடட்டுமா?” என்று மெதுவாகக் கேட்பாள்.

மகளின் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. கண்டதைப் பெரியவர்களிடம் கூறுவது அவளால் இயலும். மாமாவைத் தனியாகச் சமாளிப்பது அவள் வேலையன்று. மாமா தம்மையோ, பிறரையோ காயப்படுத்தக்கூடும் என்று தோன்றினால், அவள் அறையைவிட்டு வெளியேறிப் பெரியவர் ஒருவரை அழைக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 995 என்ற எண்ணை அழைக்கலாம். மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்த இரண்டு எண்களும் அந்தத் தாளின் அடியில், மூன்று அறிகுறிகளுக்குக் கீழே எழுதப்பட்டுள்ளன.