பட்டம் பாடம் ஆக எத்தனை திருத்தம்?

‘பட்டம்’ என்ற சொல்லைப் ‘பாடம்’ ஆக்க வேண்டும். ஓர் எழுத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், அல்லது ஒன்றை எடுத்துவிட்டு அங்கே இன்னொன்றை வைக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு திருத்தம். குறைந்தபட்சம் எத்தனை திருத்தம் தேவையோ, அதுதான் அந்த இரு சொற்களுக்கும் உள்ள திருத்தத் தொலைவு. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் இதை வரையறுத்தார். அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது, செய்தி அனுப்பும்போது எழுத்துகள் விடுபட்டாலும் கூடுதலாகச் சேர்ந்தாலும் மூலத்தை மீட்டெடுப்பது எப்படி என்பதை. எழுத்துப்பிழை திருத்தி அதற்குப் பிறகு வந்த பயன்.

பட்டம், பாடம் என்றால் விடையைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம்: ‘ப’வைப் ‘பா’ ஆக்கு, ‘ட்’டை நீக்கு. இரண்டு திருத்தம். சொற்கள் நீளும்போது கண் ஏமாறும். அதற்குத்தான் கட்டம் போடுகிறோம்.

| | – | பா | ட | ம் |
|---|---|---|---|---|
| – | 0 | 1 | 2 | 3 |
| ப | 1 | 1 | 2 | 3 |
| ட் | 2 | 2 | 2 | 3 |
| ட | 3 | 3 | 2 | 3 |
| ம் | 4 | 4 | 3 | 2 |

ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்னக் கேள்விக்கு விடை. ‘ட்’ வரிசையும் ‘ட’ பத்தியும் சந்திக்கும் இடத்தில் உள்ள 2, ‘பட்’ என்பதைப் ‘பாட’ ஆக்க ஆகும் செலவு. வெறுமையிலிருந்து ‘பாடம்’ வரை போக மூன்று எழுத்து சேர்க்க வேண்டும்; அதனால்தான் மேல் வரிசை 0, 1, 2, 3. மற்றக் கட்டங்களை நிரப்ப மூன்று அண்டைக் கட்டங்களைப் பார்த்தால் போதும். மேலிருந்து இறங்கினால் ஓர் எழுத்தை நீக்குகிறோம். இடமிருந்து நகர்ந்தால் சேர்க்கிறோம். இரண்டுக்கும் செலவு 1. மூலைவிட்டமாக வந்தால் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றை வைக்கிறோம். அதற்கும் செலவு 1தான். எழுத்துகள் ஒன்றாகவே இருந்தால் மட்டும் செலவில்லை. மூன்றில் சிறியதை எழுதிக்கொண்டே போனால் கடைசி மூலையில் 2 வந்து நிற்கும்.

தமிழுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமக்கு ‘வி’ ஓர் எழுத்து. யூனிகோடில் அது ‘வ’வும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடு. எனவே மருந்து, விருந்து இரண்டுக்கும் உள்ள தொலைவு நம் கணக்கில் 1, குறியீடுகளை எண்ணும் நிரலின் கணக்கில் 2. முதலில் எழுத்துகளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

இனி நினைவகத்துக்கு வருவோம். மனிதனின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொடர் சுமார் 16,569 எழுத்து நீளம். அப்படிப்பட்ட இரு தொடர்களை ஒப்பிட 27 கோடிக்கு மேல் கட்டங்கள் வேண்டும். கட்டத்துக்கு 4 பைட் என்றால் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். ஆனால் மேலே உள்ள விதியை மறுபடி பாருங்கள். எந்தக் கட்டமும் தன் வரிசையையும் அதற்கு முந்தைய வரிசையையும் தவிர வேறெதையும் கேட்பதில்லை. ‘ட’ வரிசையை எழுதும்போது ‘ப’ வரிசை அழிந்திருந்தாலும் நட்டமில்லை. ஆக இரண்டே வரிசை வைத்துக்கொண்டு, புதியது நிரம்பியதும் அதைப் பழையதாக்கி, பழையதன் மேலேயே அடுத்ததை எழுதலாம். ஒரு ஜிகாபைட் சுமார் 130 கிலோபைட்டாகச் சுருங்கிவிடும். நேரம் மட்டும் குறையாது. 27 கோடிக் கட்டங்களையும் கணக்கிட்டே ஆக வேண்டும்.

நிரல் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். வரிசைகளை இடம் மாற்றாமல் ‘பழையது = புதியது’ என்று மட்டும் எழுதினால், பல நிரல்மொழிகளில் இரண்டு பெயரும் ஒரே வரிசையைச் சுட்டத் தொடங்கும். மூலைவிட்டத்தில் இருக்க வேண்டிய எண் படிக்கும் முன்பே அழிந்துபோகும். ஓரெழுத்துச் சொல்லில் இந்தப் பிழை தெரியாது. ‘கல்’லை அதே ‘கல்’லோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 0 வராமல் 1 வந்தால் இந்தக் கோளாறு இருக்கக்கூடும்.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. முழுக் கட்டம் இருந்தால் கடைசி மூலையிலிருந்து பின்னோக்கி நடந்து, எந்த எழுத்து நீங்கியது, எது மாறியது என்று படித்துவிடலாம். இரண்டு வரிசையில் எண் மட்டும்தான் மிஞ்சும், வழி மிஞ்சாது. எழுத்துப்பிழை திருத்திக்கு எண் போதும். மரபணு ஆய்வாளருக்குப் போதாது.

1975இல் டான் ஹிர்ஷ்பர்க் இதையொத்த ஒரு கணக்குக்குக் கண்ட உபாயம் இங்கும் கைகொடுக்கிறது. முதல் தொடரைப் பாதியாக வெட்டுங்கள். மேல் பாதியை முன்னிருந்தும் கீழ் பாதியைப் பின்னிருந்தும் இரண்டிரண்டு வரிசையாக நிரப்பி வாருங்கள். நடுவில் சந்திக்கும் இரு வரிசைகளையும் பத்தி பத்தியாகக் கூட்டினால், கூட்டுத்தொகை மிகச் சிறியதாக உள்ள இடத்தின் வழியாகத்தான் ஒரு சிறந்த பாதை போகிறது. அந்தப் புள்ளியில் கணக்கு இரண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் மறுபடி இதையே செய்யலாம். முதல் சுற்றில் முழுக் கட்டத்தின் வேலை, அடுத்ததில் அதில் பாதி, பிறகு கால், அரைக்கால். எல்லாம் கூடினாலும் ஏறக்குறைய இரு மடங்கு வேலைதான்.