உப்புநீர் போட்ட இடத்திலும் முடி வளர்ந்தது

நியூயார்க்கில் தோல் மருத்துவர் ஜெர்ரி ஷாபிரோவும் அவரது குழுவினரும் 35 பேரின் தலையில் ஒரு சோதனை செய்தார்கள. ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒன்றில் பிஆர்பி, இன்னொன்றில் வெறும் சலைன் என மாதம் ஒருமுறை மூன்று தடவை ஊசி போட்டார்கள். பிறகு எண்ணிப் பார்த்தால், பிஆர்பி போட்ட இடத்தில் முடி அடர்ந்திருந்தது. சலைன் போட்ட இடத்திலும் அடர்ந்திருந்தது! அடர்த்தியில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2020இல் அந்த ஆய்வு வெளியானது.

பிஆர்பி என்பது நம் ரத்தமேதான். கையிலிருந்து எடுத்த ரத்தத்தைக் குழாயில் ஊற்றி இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் நீரில் தட்டணுக்கள் மிகுந்த பகுதியை எடுத்து உச்சந்தலையில் சிறு சிறு ஊசிகளாக ஏற்றுவார்கள். காயத்தை ஆற்றத் தட்டணுக்கள் வெளியிடும் புரதங்கள், சோர்ந்த முடிவேர்களையும் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு.

அது வீண் நம்பிக்கையும் அல்ல. 2015இல் இத்தாலியில் 20 ஆண்களிடம் பாதித் தலைக்கு மட்டும் பிஆர்பி போட்டுப் பார்த்தபோது அந்தப் பாதியில் முடி தெளிவாகக் கூடியது. ஒரே சிகிச்சை இரண்டு விதமாகப் பேசக் காரணம், எல்லோரும் தருவது ஒரே பொருள் அல்ல. எவ்வளவு ரத்தம், எத்தனை நிமிடச் சுழற்சி, எத்தனை மடங்கு தட்டணு என்பதெல்லாம் கிளினிக்குக்கு கிளினிக் மாறும். ஊசி குத்துவதே தோலைத் தூண்டக்கூடும் என்ற சந்தேகமும் உண்டு. சலைன் இல்லாமல் நடத்திய ஆய்வுகளில் அந்தப் பலனும் பிஆர்பியின் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

லேசர் சீப்பின் கதை 1967இல், ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் எலிகளின் மேல் லேசர் பாய்ச்சியபோது மழித்த முடி வேகமாக வளர்ந்ததில் தொடங்குகிறது. இதற்கான சான்று ஓரளவு ஒழுங்கானது. 2014இல் வெளியான ஆய்வில் ஆண்களும் பெண்களுமாக 250க்கும் மேற்பட்டோர், வாரம் மூன்று முறை, 26 வாரம் சீப்பைப் பயன்படுத்தினார்கள். சிலருக்குக் கொடுத்தது லேசர் இல்லாத போலிச் சீப்பு. உண்மைச் சீப்பு வைத்திருந்தவர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 முடி கூடியது. போலிச் சீப்பில் அதைவிடக் குறைவு. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது சீப்பைத் தயாரித்த நிறுவனம். கூடிய 20 முடி கண்ணாடியில் தெரியுமா என்பதும் வேறு கேள்வி.

விளம்பரங்களில் வரும் அமெரிக்க எஃப்டிஏ அனுமதியும், புது மருந்துக்குக் கேட்கும் அளவு சான்றைக் கேட்டுத் தந்ததல்ல. ஏற்கெனவே விற்பனையில் உள்ள கருவியோடு ஒப்பிட்டுத் தரும் அனுமதி அது.

இரண்டுமே பரம்பரையாக முடி மெலிபவர்களிடம் சோதிக்கப்பட்டவை. வேர் முழுக்க அழிந்து பளபளக்கும் வழுக்கையில் இவற்றுக்கு வேலையில்லை. இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டாலோ கொட்டுகிறது என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பல கிளினிக்குகளில் பிஆர்பியோடு மினாக்சிடிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். அப்போது முடி வளர்ந்தால் எதனால் வளர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பணம் கட்டும் முன், ஈரமில்லாத தலையில் ஒரே இடத்தில் வகிடெடுத்து, ஒரே விளக்கின் கீழ் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து அதே மாதிரி எடுத்த படத்தோடு ஒப்பிடலாம்.